முகப்பில் எழுதும் மூன்று வரி

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைக் கோடு போட்டுப் பிரித்த பிறகும் தமிழ் வீட்டுக்குள் தங்கிவிட்டது. கடையில் மலையாளம், அடுக்களையில் தமிழ். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள். தமிழ் எழுத்து பலருக்குக் கூட்டித்தான் வாசிக்க வரும். என் சித்தியின் சமையல் வீடியோக்களுக்கு முகப்பில் எழுதுகிற வேலை என்னிடம் வந்தபோது நான் முதலில் யோசித்தது இவர்களைப் பற்றித்தான். கூட்டி வாசிக்கிறவருக்கு ஒரு தலைப்பில் ஆறு சொல்லே அதிகம்.

சித்தி காட்டாக்கடைப் பக்கத்தில் இருக்கிறாள். சந்தையில் வாங்குகிற கிழங்கு, காய், மீன் இவற்றை வைத்து ஒரு நிமிடத்துக்குள் முடிகிற ரீல்கள் எடுப்பாள். படம் பிடிப்பது அவள் மகன், வெட்டி ஒட்டுவது நான். ரீலுக்கு ஒரு முகப்புப் படம் வேண்டும். ஓடுகிற படத்தில் ஒரு பிரேமை நிறுத்தி, அதன்மேல் இரண்டு மூன்று வரி எழுதி வைப்பது. எல்லாரும் அதைக் 'கவர்' என்கிறார்கள்.

இந்தக் கவரை யார் பார்க்கிறார்கள் என்று எனக்கு வெகு நாள் தெரியாமல் இருந்தது. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரின் கண்ணில் அது படுவதேயில்லை. அங்கே வீடியோ தானாக ஓடத் தொடங்கிவிடும். அவரை நிறுத்துவதும் விடுவதும் முதல் இரண்டு நொடிதான். கவர் கண்ணில் படுவது வேறு இடங்களில்: சித்தியின் பக்கத்துக்கு வந்து கட்டங்கட்டமாக அடுக்கியிருக்கும் பழைய வீடியோக்களை மேலும் கீழும் துழாவுகிறவருக்கு; எதையாவது தேடி வருகிறவருக்கு. அதாவது, ஏற்கெனவே ஒரு தேவையோடு வந்து நிற்கிறவருக்கு. சந்தையில் கூவுகிறவனின் குரலாகக் கவரை நினைத்து எழுதியவரை நான் தப்பாகவே எழுதினேன். அது அடுக்களைப் பரணில் இருக்கும் டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு. மல்லி என்று எழுதிய டப்பாவைத் திறந்தால் மல்லி இருக்க வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு மரச்சீனி வீடியோ.

மரச்சீனி இந்தப் பக்கத்துக்கு இரண்டாவது சோறு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பரப்புவதில் அக்கறை காட்டினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது இந்த நாட்டின் வயிற்றைக் காத்ததும் இதுதான். கேரளத்தின் மற்ற பல இடங்களில் கப்ப என்கிறார்கள். திருவனந்தபுரத்து மலையாளத்திலும் எங்கள் தமிழிலும் ஒரே சொல், மரச்சீனி. எல்லையின் இரு பக்கமும் மாறாமல் இருக்கிற சொல் ஒன்று கிடைப்பது தலைப்பு எழுதுகிறவனுக்குப் பெரிய வரம்.

வீடியோவில் புதிதாக ஒன்றுமில்லை. தோலை உரிக்கிறாள், உள்ளே இருக்கிற இளஞ்சிவப்புத் தொலியையும் சேர்த்து எடுக்கிறாள், சிறு துண்டுகளாக வெட்டுகிறாள், பானை நிறையத் தண்ணீர் விட்டு அவிக்கிறாள். பாதி வெந்ததும் மூடியால் கிழங்கைத் தடுத்துக்கொண்டு தண்ணீர் முழுவதையும் சாய்த்துக் கொட்டுகிறாள். புதுத் தண்ணீர், உப்பு, மஞ்சள், மறுபடி அடுப்பு. கடைசியில் ஏன் கொட்டினேன் என்று சொல்கிறாள். மொத்தம் 52 நொடி. தண்ணீர் கொட்டுவது 37ஆவது நொடி. காரணம் சொல்லத் தொடங்குவது 41ஆவது நொடி.

நான் முதலில் எழுதிய கவர்: "மரச்சீனி தின்றால் மரணமா?" பின்னால் சித்தியின் முகத்தைப் பெரிதாக வைத்தேன். வெட்டும்போது கத்தி லேசாகச் சறுக்கி அவள் வாயைத் திறந்த ஒரு கணம் படத்தில் இருந்தது. அந்தப் பிரேமை எடுத்துப் போட்டேன்.

சித்தி போனை வாங்கி வெகு நேரம் பார்த்தாள். "நான் யாரையும் கொல்லப் போவலியே மக்கா," என்றாள். பிறகு, "இந்த மொகரை கத்தி சறுக்குனப்போ வந்தது. அதை எதுக்கு இதுக்குப் போட்டே?"

இரண்டு கேள்வியும் இரண்டு வேறு பொய்களைத் தொட்டன. எழுத்து ஒரு பொய், படம் இன்னொரு பொய். படம் வீடியோவுக்குள்ளிருந்து எடுத்ததுதான், ஆனாலும் பொய்தான். கத்தி சறுக்கியதால் வந்த பயத்தை விஷத்தால் வந்த பயமாக நான் இடம் மாற்றிவிட்டேன். வீடியோவில் இருக்கிற பிரேம் என்பதாலேயே ஒரு கவர் நேர்மையானது ஆகிவிடாது. அந்தப் பிரேம் எந்தக் காரணத்தால் அப்படி இருந்ததோ, அதே காரணத்துக்காகவே கவரிலும் இருக்க வேண்டும்.

எழுத்தின் பொய் இன்னும் நுட்பமானது. நான் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தேன், கேள்விதானே கேட்டேன்? தமிழில் இந்த ஆகாரம் மிக வசதியான மறைவிடம். எந்தச் சொல்லின் பின்னும் ஒரு 'ஆ' சேர்த்துவிட்டால் சொன்ன பழி கேட்ட கேள்வியாகிவிடும். "மரணமா?" என்றால் மரணம் என்கிற சொல் வாசிப்பவர் நெஞ்சில் இறங்கிவிட்டது, எழுதியவர் கையைக் கழுவிக்கொள்ளலாம். இதன் தம்பி ஒருவன் உண்டு, 'ஆம்' விகுதி: போனாராம், வந்ததாம். மூன்றாவது ஆள் 'இது': "இதை மட்டும் செய்யாதீங்க". எதை என்று சொல்லாத சுட்டு. இந்த மூன்றும் தமிழில் தூண்டில் தலைப்புகளுக்குப் பெரும்பாலும் போதுமானவை. வேறு மொழிக்காரர்கள் நாலு சொல்லில் செய்கிற வித்தையை நாம் ஓர் எழுத்தில் செய்துவிடுகிறோம்.

அதற்காகக் கேள்வித் தலைப்பே கூடாது என்று சொல்ல மாட்டேன். 'ஆ' என்று முடிகிற கேள்விக்கு ஒரு சோதனை வைத்துக்கொண்டிருக்கிறேன்: வீடியோவின் பதில் "இல்லை" என்றால் அந்தத் தலைப்பை எடுத்துவிடுவேன். "மரணமா?" என்பதற்குச் சித்தியின் 52 நொடி சொல்லும் பதில், "ஒழுங்காக அவித்தால் இல்லை" என்பது. இல்லை என்று சொல்வதற்காக ஒருவரை உள்ளே கூப்பிடுவதும், தூங்குகிறவரை ஒன்றுமில்லாததற்கு எழுப்பி உட்காரவைப்பதும் ஒன்றுதான். 'ஏன்', 'எப்படி', 'எவ்வளவு' என்று தொடங்குகிற கேள்விகள் வேறு சாதி. அவற்றுக்கு இல்லை என்று பதில் சொல்லவே முடியாது. ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

சித்தி அப்படிக் கேட்ட கோபத்தில் நான் அப்போது எதிர்ப்பக்கம் போனேன். "மரச்சீனி சமையல்" என்று எழுதினேன். இதில் பொய் இல்லை என்று சித்தியிடம் சொன்னேன். அவள் பக்கத்தில் ஏற்கெனவே பதினோரு மரச்சீனி வீடியோ இருந்தது: புட்டு, மீன்கறிக்கு மசித்தது, வற்றல், அடை. அவற்றுக்கு நடுவே "மரச்சீனி சமையல்" என்ற சீட்டு ஒட்டிய டப்பாவை யார் திறப்பார்கள்? திறந்தவருக்கும் எதற்காகத் திறந்தோம் என்று தெரியாது. புதிதாகக் கல்யாணமாகி வந்து, கசப்பாக இருக்கிறதே என்று பயந்து தேடுகிற ஒரு பெண்ணுக்கு அந்தத் தலைப்பு உதவியே செய்யாது. குறைவாகச் சொல்வதும் ஒரு வகையில் ஏமாற்றுதான். உள்ளே இருப்பதை மறைத்துவைப்பது.

ஆவல் எப்படி உண்டாகிறது என்பது பற்றி ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994இல் எழுதினார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் நடுவே ஒரு இடைவெளி கண்ணில் படும்போது ஆவல் பிறக்கிறது என்பது அவர் கருத்து. தூண்டில் தலைப்பு எழுதுகிறவர்கள் இதில் இடைவெளியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர் சொன்னதில் பாதி, தெரிந்த பக்கத்தைப் பற்றியது. ஒன்றுமே தெரியாத விஷயத்தில் ஆவல் வராது. கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் மிச்சத்துக்கு மனம் ஏங்கும். எங்கள் ஊரில் மரச்சீனி அவித்த தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மா கொட்டினாள், நாமும் கொட்டுகிறோம். ஏன் என்று கேட்டால் "கட்டு இருக்கு" என்பார்கள். கட்டு என்றால் என்ன என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். இடைவெளி அங்கேதான் இருந்தது. நானாக ஒன்றை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை.

அப்படி வந்தது மூன்றாவது கவர்:

மரச்சீனி
அவிச்ச தண்ணியை
ஏன் கொட்டணும்?

தெரிந்த செயல் முழுவதையும் தலைப்பிலேயே சொல்லியாயிற்று. மறைத்தது காரணத்தை மட்டும். எதைப் பற்றி என்பதை மறைக்கக் கூடாது, விடையை மறைக்கலாம். இந்த வேறுபாட்டுக்குள்தான் நேர்மையான கவர் உயிர்வாழ்கிறது என்று நான் நம்புகிறேன். பிரேமையும் மாற்றினோம். 37ஆவது நொடியில் பானை சாய்ந்து, மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே தண்ணீர் பட்டையாக விழ, ஆவி சித்தியின் முழங்கையை மறைக்கிற கணம். தலைப்பு கேட்கிற செயலே படத்தில் நடக்கிறது.

கவர் எழுதி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு வீடியோவைத் திரும்ப ஓட்டியபோது வீடியோவிலேயே ஓட்டை தெரிந்தது.

முதல் ஓட்டை நேரம். 'ஏன்' என்று கேட்டுக் கூப்பிட்டுவிட்டு 41ஆவது நொடிவரை காத்திருக்க வைத்திருக்கிறோம். 52 நொடி வீடியோவில் அது ஐந்தில் நாலு பங்கு. தலைப்பு உண்மைதான், ஆனாலும் வந்தவரை வாசலில் நிறுத்திவைத்த மாதிரி. தோல் உரிக்கிற இடத்தில், 9ஆவது நொடியில், சித்தியின் குரலில் ஒரு வரி சேர்த்தோம்: "கட்டு தொலியிலதான் ரொம்ப இருக்கும்." விடையின் முதல் துண்டு உள்ளே நுழைந்ததுமே கையில் கிடைத்துவிடுகிறது, மிச்சம் பின்னால் வரும் என்று கேட்பவருக்கு நம்பிக்கை வரும்.

இரண்டாவது ஓட்டை பெரிது. கடைசியில் சித்தி சொல்லியிருந்தது: "இப்பிடிக் கொட்டுனா விஷம் எல்லாம் போயிடும்." 'எல்லாம்' என்ற சொல் என்னை உறுத்தியது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மரச்சீனி பற்றி அங்கே வேலை செய்கிறவர்கள் 'எல்லாம் போகும்' என்று ஒருபோதும் எழுத மாட்டார்கள். நடப்பது இதுதான். கிழங்குக்குள் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. வெட்டும்போதும் நசுக்கும்போதும் கிழங்கிலேயே இருக்கிற ஒரு நொதி அதைத் தொட்டு உடைக்கிறது. அப்போது சயனைடு வாயு வெளியாகிறது. அந்த வாயு வெகு எளிதில் ஆவியாகிப் போய்விடும். ஆனால் கொதிக்கிற தண்ணீரில் நொதி செத்துவிடும். அதற்குப் பிறகு உடையாமல் மிஞ்சிய லினமாரின் வாயுவாகப் போக வழியில்லை. அது தண்ணீரில் கரைகிற பொருள். போனால் தண்ணீரோடுதான் போகும். அதனால்தான் நிறையத் தண்ணீர், அதனால்தான் சிறு துண்டு, அதனால்தான் கொட்டுவது. கசக்கிற இனத்துக் கிழங்கு என்றால் ஒரு தடவை கொட்டினால் முழுவதும் போகாது. குறைந்த தண்ணீரில் அவித்து வற்றவிட்டால் உள்ளேயே நின்றுவிடும்.

சித்திக்கு இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அம்மா ரெண்டு தடவை கொட்டுவா. எனக்கு சோம்பல், ஒரு தடவை போதும்ணு விட்டுட்டேன்," என்றாள். பிறகு கடைசி வரியைத் திரும்பச் சொன்னாள்: "கட்டு தண்ணியில கரையும், தண்ணியோட போவும். கசந்தா ரெண்டாவது தடவையும் கொட்டணும். அப்பவும் கசந்தா திங்கக் கூடாது." வீடியோ 56 நொடி ஆனது. தலைப்பு மாறவில்லை, அந்தத் தலைப்புக்கு வீடியோ இப்போதுதான் தகுதியானது.

இதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. கவரைக் கடைசியில் எழுதுவதில்லை. முதல் வெட்டு முடிந்ததும் எழுதிவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது வெட்டு. தலைப்பின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, இது வீடியோவில் எந்த நொடியில் தீர்கிறது என்று பக்கத்தில் எழுதுவேன். மரச்சீனி, 2. தண்ணி, 24. கொட்டணும், 37. ஏன், 9இலும் 41இலும். எந்த நொடியும் எழுத முடியாத சொல் இருந்தால் ஒன்று அந்தச் சொல் போக வேண்டும், அல்லது வீடியோவில் அது வர வேண்டும். 'எல்லாம்', 'ஒருபோதும்', 'எப்பவும்', 'அதிசயம்', 'ரகசியம்' இவற்றுக்குப் பெரும்பாலும் நொடி கிடைக்காது.

இதெல்லாம் தனிமனித நெறி என்று ஒதுக்கிவிட முடியாது. மேடைகளும் தங்கள் காரணங்களுக்காக இந்தப் பக்கம் வர வேண்டியிருந்தது. யூடியூப் 2012இல், எத்தனை பேர் அமுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு எடை கொடுக்கத் தொடங்கியது. முகப்புப் படத்தில் ஒன்றைக் காட்டிவிட்டு உள்ளே வேறொன்றை வைப்பவர்கள் பெருகியது அதற்கு ஒரு காரணம். யூடியூப் பின்னால் கொண்டுவந்த ஒப்பீட்டு வசதியில் ஒரே வீடியோவுக்கு மூன்று முகப்பு வரை போட்டுப் பார்க்கலாம். அங்கேயும் வெல்வது அதிகம் அமுக்கப்பட்டதல்ல, அதிக நேரம் பார்க்க வைத்தது. 2024 டிசம்பரில் இந்தியாவுக்கென்றே ஓர் அறிவிப்பு வந்தது: தலைப்பும் முகப்பும் சொல்வது வீடியோவில் இல்லாவிட்டால், முக்கியமாக உடனடிச் செய்தி, நடப்பு விவகாரங்களில், அந்த வீடியோக்கள் நீக்கப்படும் என்று. பார்த்த நேரம் என்கிற அளவுகோலும் முழுசாக நியாயமானதல்ல. 41ஆவது நொடிவரை விடையை இழுத்துப் பிடிக்கிறவனுக்கும் அது மதிப்பெண் கொடுக்கும். நேரத்தை அளக்கிறது, கையில் என்ன கிடைத்தது என்பதை அளக்காது. அந்த அளவை இன்னும் எழுதுகிறவனிடம்தான் இருக்கிறது.

இனி இடம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தமிழுக்கு அது தனிக் கஷ்டம். ரீலின் அளவு 1080க்கு 1920. 2025 ஜனவரி முதல் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் கட்டங்கள் மூன்றுக்கு நாலு என்ற அளவுக்கு மாறின. மேலே 240, கீழே 240 புள்ளிகள் வெட்டுப்படும். அதற்கு முன் சதுரமாக இருந்தபோது மேலும் கீழும் 420 போயிற்று. வெட்டுப்படுகிற இடத்தில் வரி இருந்தால் தமிழுக்கு வரும் ஆபத்து பெரிது, ஏனென்றால் நம் வாக்கியத்தின் முடிவு கடைசியில் இருக்கிறது. "மரச்சீனி அவிச்ச தண்ணியைக் குடிக்கலாம்" என்பதும் "குடிக்கக் கூடாது" என்பதும் கடைசிச் சொல்வரை ஒரே வாக்கியம். கடைசி வரி மறைந்தால் எச்சரிக்கை அழைப்பாகிவிடும். அதனால் கட்டத்தின் நட்ட நடுவிலேயே மூன்று வரியும் நிற்கும்படி வைக்கிறேன்; கூடாது என்கிற சொல் வரும் தலைப்பென்றால் அதை முதல் வரிக்கே தூக்கிவிடுகிறேன்: "கூடாது: மரச்சீனி அவிச்ச தண்ணி". இலக்கணக்காரர்கள் மன்னிக்கட்டும். நம் எழுத்து அகலமானது, கொம்பும் சுழியும் மேலும் கீழும் ஏறி இறங்கும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் உகரமும் கீழ்வரியின் இகரமும் முட்டிக்கொள்ளும். கட்டம் போனில் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். ஒரு வரிக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வைத்தால் கூட்டி வாசிக்கிறவர் விட்டுவிடுவார். அவர்களுக்காக மூலையில் மரச்சீனி என்ற ஒரே சொல்லை மலையாள எழுத்திலும் வைத்தோம். அந்த ஒரு சொல் போதும்; மிச்சத்தைப் பானை சொல்லிவிடுகிறது.

போன மழைக்கு முன் சித்தி கூப்பிட்டாள். "அந்தப் பலாக்கொட்டை வீடியோவுக்கு என்ன எழுதி வச்சிருக்கே, ஒண்ணு பாரு."

பார்த்தேன். மரச்சீனிக்கு முந்தைய காலத்து வேலை. "பலாக்கொட்டையை இப்படி வச்சா நடக்கும் அதிசயம்!" வீடியோவில் சித்தி பலாக்கொட்டையைக் காயவைத்து, மண்பானையில் காய்ந்த மண்ணோடு அடுக்கடுக்காகப் போட்டு மூடுகிறாள், பிறகு ஒரு நாள் திறந்து எடுத்துக் காட்டுகிறாள். கொட்டை கெடாமல் இருக்கிறது. அவ்வளவுதான். போட்ட வீடியோவின் கவரைப் பின்னாலும் மாற்றலாம் என்பதால் அங்கேயே புதிதாக எழுதினேன்: "பலாக்கொட்டை மழைக்காலம் வரை கெடாமல் இருக்க".

வாசித்துக் காட்டினேன். சித்தி உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"மழைக்காலம் வரைன்னு நீ எப்பிடி எழுதுவே? நாம வச்சது எத்தன நாளு?"

பழைய கோப்புகளைத் திறந்து தேதி பார்த்தோம். பானையை மூடியதற்கும் திறந்ததற்கும் நடுவே 40 நாள்.

"அப்ப அத எழுது."

பலாக்கொட்டை
மண்ணுக்குள்ள
40 நாள்

பிரேமுக்கு, மண்ணைத் தட்டிவிட்டு அவள் உள்ளங்கையில் வைத்துக் காட்டிய அந்த ஒரு கொட்டையை வைத்தேன்.